நான்கு குப்பிகளும் இரண்டு கண்களும்

கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நோயாளியின் கையில் மருத்துவமனை ஒரு சீட்டைக் கொடுக்கிறது. எந்த மருந்து, நாளுக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்று அதில் எழுதியிருக்கும். ஐந்தாறு வாரம் முடிந்ததும் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்புவார்கள். புரை மட்டும் இருந்தவருக்கு அந்தச் சொல் சரி. குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயும் சேர்ந்திருப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டால், அறுவை மீட்டுக் கொடுத்த பார்வையை நரம்பின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பார். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. இழந்தது தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம்.

முதிய வயதில் இந்த இரண்டு நோயும் ஒரே கண்ணில் சேர்ந்திருப்பது அரிதல்ல. ஆனால் இரண்டும் வேறு வேறு தர்க்கத்தில் இயங்குபவை. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை மங்கிப்போவது. மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லையை வைத்தால் பார்வை திரும்பிவிடுகிறது. அதன்பின் போடும் மருந்து, காயம் ஆறும் வரைக்கும்தான். குளுக்கோமாவில் கெட்டுப்போவது கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு. அதிலுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளில் செத்த இழை ஒன்றுகூட மீளாது. கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் இழைகளைக் காப்பாற்றுவது மட்டுமே மருத்துவத்தால் ஆவது. அதற்கான மருந்து பெரும்பாலும் ஆயுளுக்கும்.

ஒன்றுக்கு முடிவுத் தேதி உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. இந்த வித்தியாசத்தை நோயாளியின் மனத்தில் ஏற்றுவது, அறுவை அரங்கில் செய்யும் எதற்கும் குறையாத சிகிச்சை. அதைச் செய்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, செவிலியர்.

தமிழ்நாட்டில் இப்படி விளக்கிச் சொல்வது அவசியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டக் கிராமங்களில் நடத்திய கள ஆய்வும், சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த சென்னை குளுக்கோமா ஆய்வும் ஒரே செய்தியைக் கூறின. குளுக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், தமக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். புரைக்காகக் கண்ணைக் காட்ட வரும்போதுதான் பலருக்கு அழுத்தம் அளக்கப்படுகிறது. அதாவது, ஒருவர் தன் வாழ்நாள் நோயைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுவதும், அறுவைக்குப் பிந்தைய குறுகிய காலக் கவனிப்பைக் கற்றுக்கொள்வதும் அநேகமாக ஒரே வாரத்தில் நடக்கின்றன. குழப்பம் வருவதற்கு வேறென்ன வேண்டும்?

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியபோது, கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்களை எடுத்து, கண் பராமரிப்புக்கென்றே இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கும் முறையும் அங்கே வளர்ந்தது. அழுத்தம் அளப்பது, அறுவைக்குக் கண்ணைத் தயார் செய்வது, வார்டில் மருந்து போடுவது, வீட்டுக்குப் போகிறவருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவர்கள் கையில். நோயாளியின் பேச்சிலேயே பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். சொட்டு மருந்து விஷயத்தில் அது மிகப் பெரிய பலம்.

சொட்டு மருந்து போடுவது எளிதான காரியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கண் மருத்துவர்கள், ஏற்கெனவே மருந்து போட்டுக்கொண்டிருந்த 70 குளுக்கோமா நோயாளிகளைத் தம் கண்ணெதிரே போட்டுக்காட்டச் சொன்னார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் முழுக்கச் சரியாகப் போட்டவர்கள் 6 பேர்தான். முக்கால்வாசிப் பேர் குப்பியின் முனையைக் கண்ணிலோ இமையிலோ இடித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விட்ட துளி கண்ணுக்குள் விழவே இல்லை. இவர்கள் எல்லோரும் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் “ஒழுங்காப் போடுறேன்” என்றுதான் சொல்வார்கள், பொய்யும் அல்ல. தம்மளவில் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, நல்ல செவிலியர் கேட்கும் கேள்வி “மருந்து போடுறீங்களா?” என்பதல்ல. “எங்கே, ஒரு தடவை போட்டுக் காட்டுங்கம்மா” என்பதுதான்.

அப்போது அவர் பார்ப்பது என்ன? முதலில் கை. சோப்பு போட்டுக் கழுவிய கைதானா, முந்தானையில் துடைத்த கையா. அடுத்து உடல் நிலை. நின்றுகொண்டு அண்ணாந்து போடுகிறவருக்குத் தலை ஆடும், குறி தவறும். உட்கார்ந்து சாய்வதோ, தலையணை இல்லாமல் மல்லாந்து படுப்பதோ நல்லது. பிறகு ஒரு கை விரலால் கீழிமையைக் கன்னத்து எலும்பின் பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. அப்படி இழுத்தால் இமைக்கும் விழிக்கும் நடுவே சின்னப் பை போல ஓர் இடம் திறக்கும். துளி விழ வேண்டியது அங்கேதான். கருவிழியின் மேல் நேராக விழுந்தால் கண் சட்டென்று மூடிக்கொண்டு மருந்தை வெளியே தள்ளிவிடும். பார்வை மேல்நோக்கி இருக்கட்டும். குப்பி ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும். ஒரே ஒரு துளி போதும்.

ஒன்றே போதும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கணக்கைப் பார்த்தால் புரியும். சாதாரணமாகக் கண்ணில் இருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர். இமை சிமிட்டாமல் இருந்தால் அந்தப் பை அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் தாங்கும். குப்பியிலிருந்து விழும் ஒரு துளியோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கிறது. முதல் துளியே நிரம்பி வழிகிறது. இரண்டாவது துளி கன்னத்துக்குத்தான் பயன்படும். இதே கணக்கில்தான் 5 நிமிட இடைவெளி விதியும் பிறக்கிறது. ஒரு மருந்தைப் போட்ட உடனே அடுத்த மருந்தைப் போட்டால், இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அரை நிமிடத்துக்குள் போட்டால் முதல் மருந்தில் பாதிக்குப் பக்கமாக வீணாகிறது. 5 நிமிடம் கழித்துப் போட்டால் இழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல. களிம்பு இருந்தால் அது எப்போதும் கடைசி. முதலில் களிம்பைப் பூசினால் அதன்மேல் விழும் நீர் மருந்து உள்ளே இறங்காது.

துளி விழுந்ததும் பெரும்பாலோர் செய்வது கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிப்பது. மருந்து உள்ளே பரவட்டும் என்ற நினைப்பு. நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு பம்பு போல, மருந்தை மூக்கை ஒட்டிய கண்ணீர்க் குழாய்க்குள் தள்ளுகிறது. அங்கிருந்து மூக்கு, தொண்டை, ரத்தம். சில மருந்து போட்ட பிறகு வாயில் கசப்பது அதனால்தான். துளி விட்டதும் கண்ணை இறுக்காமல் மெல்ல மூடி, கண்ணின் உள்மூலையை மூக்கெலும்போடு சேர்த்து ஆள்காட்டி விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிப்பதே முறை.

இது மருந்தை மிச்சம் பிடிக்கும் உத்தி மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்கூட. குளுக்கோமாவுக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் டிமோலால் சொட்டு மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளின் இனத்தைச் சேர்ந்தது. மாத்திரையாக விழுங்கினால் ஈரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். மூக்கின் சவ்வு வழியே போகும்போது ஈரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமா இருப்பவருக்கு இளைப்பு கிளம்பலாம், நாடித்துடிப்பு குறைந்தவருக்கு மயக்கம் வரலாம். அதனால், டிமோலால் எழுதப்பட்ட ஒவ்வொருவரிடமும் “வீசிங் உண்டா? இன்ஹேலர் இழுக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு நாடியையும் பிடித்துப் பார்ப்பது செவிலியரின் வேலை. கண் டாக்டரிடம் இளைப்பைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று நோயாளிகள் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஸிம்மர்மனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, உள்மூலையை 5 நிமிடம் அழுத்தினாலோ கண்ணை 5 நிமிடம் வெறுமனே மூடியிருந்தாலோ ரத்தத்தில் சேரும் மருந்து 60 சதவீதத்துக்கும் மேல் குறைவதைக் காட்டியது. வெறுமனே மூடினாலே போதும் என்ற இரண்டாவது பாதி, அறுவை முடிந்த கண்ணுக்கு மிகவும் உதவும். காயம் புதிதாக இருக்கும் முதல் வாரத்தில் விரலை எங்கே அழுத்துவதென்று தடுமாறுகிறவரிடம், “தொடவே வேண்டாம், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிப் படுங்க” என்று சொல்லிவிடலாம்.

கை நடுங்குகிறவர்கள், விரல் மூட்டு மடங்காதவர்கள், தனியே இருப்பவர்கள் என்ன செய்வது? குப்பி பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதியாகக் குறையும். அதுவும் முடியாதபோது மல்லாந்து படுத்து, கண்ணை மூடியபடி உள்மூலைக் குழியில் ஒரு துளி விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் மருந்து தானே உள்ளே வழியும். குழந்தைகளுக்கும் இதே வழிதான். துளி கண்ணில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்பவர்கள் மருந்தைக் குளிர்ந்த நிலையில் போட்டால் சில்லிப்பு காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் மருந்து ஒழுங்காக இறங்குகிறதா என்று அறிய, கேள்விகளைவிட நம்பகமான ஒரு சாட்சி உண்டு. காலிக் குப்பி. இரவில் ஒருமுறை போடும் லட்டானோபிராஸ்ட் 2.5 மில்லிலிட்டர் குப்பியில் வருகிறது. அதில் ஏறக்குறைய 80 துளி இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவுக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 60 துளி. தவறி விழுவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு குப்பி ஒரு மாதத்துக்குச் சரியாக வரும். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று வருகிறவர் கன்னத்தில் ஊற்றுகிறார். இரண்டு மாதம் வந்தது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவர் பல இரவு மறந்திருக்கிறார், அல்லது ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டிருக்கிறார். மேலும், திறந்த லட்டானோபிராஸ்ட் குப்பியின் ஆயுள் 6 வாரம்தான். திறக்கும் நாளிலேயே குப்பியின் மேல் தேதியை எழுதச் சொல்லும் வழக்கம் இதற்காகத்தான். திறக்காத குப்பி ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். ஜன்னல் விளிம்பிலும் டிவி மேலும் வைத்து வெயிலில் கெட்டுப்போன மருந்தை நம்பி, ஏன் அழுத்தம் இறங்கவில்லை என்று திகைத்தவர்கள் நிறைய.

இனி அறுவைக்கு வரலாம். “புரை நல்லா முத்தட்டும், அப்பறம் எடுத்துக்கலாம்” என்ற பழைய நம்பிக்கை இன்னும் கிராமங்களில் உயிரோடிருக்கிறது. வில்லையை முழுதாக எடுத்த காலத்தில் அதற்கொரு நியாயம் இருந்தது. இன்று அதுவே ஆபத்து. முற்றிய புரை நீரை இழுத்து உப்பினால், கண்ணின் திரவம் வடியும் கோணத்தை அடைத்து அழுத்தத்தை ஒரே நாளில் பல மடங்கு ஏற்றிவிடும். புரையே குளுக்கோமாவை உண்டாக்கும் நிலை இது. ஏற்கெனவே மங்கலாக இருந்த கண்ணில் திடீரென்று தாங்க முடியாத வலி, அந்தப் பக்கமே தலைவலி, குமட்டல், வாந்தி. வயிற்றுக் கோளாறு என்றெண்ணி இரவைக் கடத்திவிட்டால் நரம்பு தாங்காது. வாந்தியோடு வரும் முதியவரின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் செவிலியர், அவரைக் கண் பிரிவுக்கு உடனே அனுப்பி ஒரு கண்ணைக் காப்பாற்றிவிட முடியும்.

வழக்கமான புரை அறுவையில் காயம் மிகச் சிறியது. அல்ட்ராசவுண்டு கருவியால் வில்லையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஊர் மருத்துவமனைகளில் லட்சக்கணக்கானோருக்குச் செய்யப்படும் சிறுகீறல் முறையில் சுமார் 6 மில்லிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் தையல் கிடையாது. உள்ளிருந்து வரும் அழுத்தமே காயத்தின் உதடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அதனால்தான் கசக்கக் கூடாது என்பது எல்லாக் கட்டளைக்கும் தலையாயது. கசக்கினால் ஒரு கணம் வாய் திறக்கும், வெளியில் இருக்கும் கண்ணீரும் அதிலுள்ள கிருமியும் உள்ளே உறிஞ்சப்படும்.

பகலில் கையைக் கட்டுப்படுத்தலாம், தூக்கத்தில் முடியாது. இரவில் போடும் கண் கவசம் அதற்குத்தான். ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கிண்ணம் போன்ற அது, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்கார வேண்டும். கண்ணின் மேல் படவே கூடாது. பிளாஸ்திரியை நெற்றியின் நடுவிலிருந்து கன்னத்தின் வெளிப்பக்கமாகச் சாய்வாக ஒட்டினால் வாய் அசையும்போது கழன்றுவராது. கவசத்துக்கு அடியில் பஞ்சை அடைத்துக் கட்டுவது தவறு, பஞ்சு கண்ணை அழுத்தும். பேக்கோவுக்கு ஒரு வாரம், பெரிய காயத்துக்கு இன்னும் சில நாள் என்று மருத்துவர் சொல்லும் கணக்குப்படி போட்டால் போதும். தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவதும், கழுத்துக்குக் கீழே மட்டும் குளிப்பதும், முகத்தை ஈரத்துணியால் துடைப்பதும் அழுக்குத் தண்ணீர் கண்ணில் படாமல் இருக்கத்தான். விறகடுப்புப் புகை, களத்துத் தூசு, குளத்துக் குளியல் மூன்றையும் விலக்குவதும் அதனால்தான். சாப்பாட்டுப் பத்தியம் எதுவும் தேவையில்லை. முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று சொல்லி, காயம் ஆறப் புரதம் வேண்டிய நேரத்தில் முதியவர்களைக் கஞ்சியோடு நிறுத்துவது கொடுமை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. உறுத்துகிறது என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஒரு சொட்டுகூட அந்தக் கண்ணில் விழக் கூடாது.

அஞ்சப்படும் கேடு, கண்ணுக்குள் தொற்று. அரவிந்தில் 6 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தியதும் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது தெரிந்தது. பத்தாயிரத்தில் ஏழு பேர் இரண்டு பேரானார்கள். அந்த இருவரைப் பிடிப்பது வீட்டாரின் கண்தான். அறுவைக்குப் பின் உறுத்தலும் லேசான சிவப்பும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், குறைந்துகொண்டிருந்த வலி திரும்ப ஏறினால், நேற்றுத் தெரிந்த விரல்கள் இன்று தெரியாவிட்டால், இமை வீங்கிப் பீளை கட்டினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதமே பார்வையின் அளவைத் தீர்மானிக்கிறது.

இப்போது இரண்டு நோயும் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேனிப் பக்கத்துக் கிராமத்து அம்மா, வயது 66 என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 வரை. இவருக்கு மருந்து தொடங்கும் முன் இரண்டு கண்ணிலும் 27. இரவில் லட்டானோபிராஸ்ட், காலையும் மாலையும் டிமோலால் போட்டு 17க்கு இறங்கியிருந்தது. வலது கண்ணில் புரை அறுவை நடக்கிறது. அறுவைக்குப் பின் வலது கண்ணுக்கு மட்டும் இன்னும் இரண்டு குப்பி சேர்கிறது. ஒன்று நுண்ணுயிர்க்கொல்லி, மற்றொன்று வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு நாளுக்கு 6 முறையில் தொடங்கி வாரம் ஒன்றாகக் குறைய வேண்டும். அது வண்டலாகப் படியும் மருந்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். பழைய மருந்துக்கும் புதுக் குப்பி திறக்கச் சொல்கிறார்கள், ஏற்கெனவே முனை இடிபட்ட குப்பியிலிருந்து புதுக் காயத்துக்குக் கிருமி போகக் கூடாது என்பதற்காக.

முதல் இரவே ஒரு சோதனை. அறுவையின்போது கண்ணுக்குள் பயன்படுத்தும் பசை போன்ற திரவம் கொஞ்சம் தங்கிவிட்டால், சில மணி நேரத்துக்கு அழுத்தம் ஏறும். நல்ல நரம்புள்ளவர் அதைத் தாங்குவார். ஏற்கெனவே நரம்பு தேய்ந்தவருக்கு அந்த ஓர் இரவே இழப்பாகலாம். அவர் நெற்றி வலி, குமட்டல் என்று சொன்னால் வலி மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்காமல், மருத்துவரை அழைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு கண்ணிலும் 17.

நான்காம் வாரம் வருகிறார். பார்வை பிரமாதம் என்கிறார். அளந்து பார்த்தால் வலது கண்ணில் 30, இடது கண்ணில் 17.

காரணம் என்ன? ஸ்டீராய்டே அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். அந்த மருந்து சிலருக்குக் கண் திரவம் வடியும் சல்லடையை அடைக்கும். குளுக்கோமா உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர், ஏற்றம் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அல்லது அவர் பழைய மருந்தை நிறுத்தியிருக்கலாம். முதல் வாரத்தில் 17 இருந்ததே என்றால் அது சாட்சியாகாது, லட்டானோபிராஸ்டின் பலன் நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும். இடது கண் இங்கே உதவுகிறது. பழைய மருந்தை அடியோடு விட்டிருந்தால் ஸ்டீராய்டு படாத இடது கண்ணிலும் அழுத்தம் 27ஐ நோக்கி ஏறியிருக்கும். ஏறவில்லை. அப்படியானால் ஸ்டீராய்டுதான் என்று முடிவுகட்டத் தோன்றும்.

அனுபவமுள்ள செவிலியர் இன்னும் ஒன்று செய்வார். பையிலிருந்து லட்டானோபிராஸ்ட் குப்பியை எடுக்கச் சொல்லி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். அறுவை நாளில் திறந்த குப்பி, 28 இரவு. இரண்டு கண்ணுக்கும் போட்டிருந்தால் 56 துளி போய், கால்வாசிக்குச் சற்று மேல் மிச்சமிருக்க வேண்டும். குப்பியில் பாதிக்கும் மேல் இருக்கிறது. மெல்லக் கேட்டால் பதில் வருகிறது: “ஆபரேசன் பண்ண கண்ணுல பழைய மருந்து விடலாமான்னு பயமா இருந்துச்சு சிஸ்டர். இடது கண்ணுக்கு மட்டும் விட்டேன்.” யாரும் அவருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை.

இங்கே திட்டக் கூடாது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார், குப்பியைக் கொண்டுவரவும் மாட்டார். மருத்துவர் வலது கண்ணுக்குப் பழைய மருந்தைத் திரும்பத் தொடங்கி, ஸ்டீராய்டை அழுத்தம் குறைவாக ஏற்றும் மென்மையான வகைக்கு மாற்றுவார். ஒரேயடியாக நிறுத்தினால் அடங்கிய வீக்கம் திரும்பக் கிளம்பும். செவிலியர் பிளாஸ்திரியைக் கிழித்து நான்கு குப்பியிலும் ஒட்டுகிறார். குளுக்கோமா மருந்துகளில் ‘எப்பவும், ரெண்டு கண்ணும்’. மற்ற இரண்டில் ‘வலது மட்டும்’, கூடவே நிறுத்த வேண்டிய தேதி. எழுத்து கூட்டிப் படிக்க முடியாதவருக்கு ஒரு நிறப் பிளாஸ்திரி ஆயுள் மருந்துக்கு, வேறொரு நிறம் முடிகிற மருந்துக்கு. துணைக்கு வந்த மகளையும் உட்காரவைத்து, இருவரையும் சொல்லிக்காட்டச் சொல்கிறார். இரண்டு வாரத்தில் வலது கண்ணில் 19 ஆகிவிட்டால் அந்த நான்கு பிளாஸ்திரித் துண்டுகள் செய்த வேலை அது.

தேதி முடிந்த ஸ்டீராய்டு குப்பியைத் திரும்ப வாங்கி எறிந்துவிடுவதும் சேர்ந்தே செய்ய வேண்டியது. கண் கொஞ்சம் சிவந்தாலும் அதை எடுத்துப் போடுவதும், மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி இன்னொன்று வாங்குவதும் நம் ஊரில் சகஜம். அது சிவப்பைக் கணத்தில் போக்கும், அதனால்தான் பிடித்துப்போகும். மாதக்கணக்கில் அப்படிப் போட்டு, குளுக்கோமாவே இல்லாதவர்கள்கூட அதை வரவழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மருந்துகளுக்கு அழுத்தம் அடங்காதவர்களுக்கு டிராபெகுலெக்டமி என்ற அறுவை உண்டு. வெள்ளைவிழியில் சிறு வடிகால் வெட்டி, கண்ணின் திரவம் மேலிமைக்கடியில் மெல்லிய சவ்வின் கீழ் ஒரு கொப்புளமாகத் தேங்கி வடியும்படி செய்கிறார்கள். புரை அறுவைக்குச் சொன்ன பாதுகாப்பு விதிகளில் ஒன்று இங்கே தலைகீழாகிறது. அங்கே காயம் நன்றாக மூட வேண்டும், இங்கே முழுதாக மூடிவிட்டால் அறுவை தோற்றது. அதனால் ஸ்டீராய்டு நீண்ட நாள் தேவைப்படும், கண்ணும் தொடக்க வாரங்களில் தளர்ந்திருக்கும். மலச்சிக்கலில் முக்குவது, பலமாக இருமுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் அந்த வாரங்களில் புரை அறுவையைவிடக் கூடுதல் ஆபத்து. மலம் இளக்கும் மருந்தும் இருமல் மருந்தும் கண் வார்டின் சீட்டில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தக் கொப்புளத்தின் மேல் இருக்கும் சவ்வு ஆயுளுக்கும் மெல்லியதாகவே இருக்கும். கிருமி அதைத் தாண்டிக் கண்ணுக்குள் போக, அறுவையாகிப் பத்து ஆண்டு கழிந்த பிறகும் வழி உண்டு. எனவே இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கும் சீட்டில் முடிவுத் தேதி இல்லாத ஓர் எச்சரிக்கை தனியே எழுதப்பட வேண்டும். அறுவை நடந்த கண்ணில் சிவப்பு, பீளை, வலி, மங்கல் இவற்றில் எது வந்தாலும் அதைச் சாதாரண ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணக் கூடாது. கடையில் சொட்டு மருந்து வாங்கக் கூடாது. கிருமியைப் பிடித்துச் சரியான மருந்தைச் செலுத்த, அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் செவிலியரே கற்றுக்கொடுத்து அனுப்பலாம்: “இந்தக் கண்ணுல பிரஷருக்கு ஆபரேசன் பண்ணியிருக்கு.”